வரி அடுக்கும் ஒரு தவறான சூத்திரமும்

கோவிலம்பாக்கத்தில் என் வீட்டுக்கு அருகில் வசிக்கும் சக ஆசிரியை ஒருவர், 2025-26 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்குடன் ஒரு மாலை வந்தார். "சார், நீங்க கொடுத்த எக்செல் தாள்ல போட்டுப் பார்த்தேன். இரண்டு லட்சத்துக்கு மேல வரி வருது. பிப்ரவரி சம்பளத்துல கையில ஒண்ணும் மிஞ்சாது போலிருக்கே!" என்றார்.

அவருடைய ஆண்டு ஊதியம் ரூ.13,75,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு ரூ.75,000 போக, வரிக்குரிய வருமானம் ரூ.13,00,000. நான் எழுதியிருந்த சூத்திரம் இது (B2 என்பது வரிக்குரிய வருமானம்):

```
=IF(B2<=400000,0,IF(B2<=800000,B2*5%,
IF(B2<=1200000,B2*10%,IF(B2<=1600000,B2*15%,B2*20%))))
```

13 லட்சம் 15 சதவீத அடுக்கில் விழுகிறது. உடனே இந்தச் சூத்திரம் முழு 13 லட்சத்தையும் 15 சதவீதத்தால் பெருக்கி, ரூ.1,95,000 என்றது. 4 சதவீத செஸ் சேர்த்தால் ரூ.2,02,800. தவறு என்னுடையதுதான்.

ஒவ்வொரு விகிதமும் அந்தந்த அடுக்குக்குள் விழும் தொகைக்கு மட்டுமே உரியது. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், ரூ.20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், ரூ.40,000. மீதமுள்ள 1 லட்சத்துக்கு மட்டும் 15 சதவீதம், ரூ.15,000. ஆக ரூ.75,000, செஸ்ஸுடன் ரூ.78,000. என் தாள் ரூ.1,24,800 கூடுதலாகக் காட்டியிருந்தது.

புதிய முறையில் 4, 8, 12, 16, 20, 24 லட்சம் ஆகிய ஒவ்வோர் எல்லையிலும் விகிதம் 5 சதவீதம் கூடுகிறது. எனவே ஒவ்வோர் எல்லைக்கும் மேலுள்ள தொகையில் 5 சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் போதும்:

```
=5%*(MAX(0,B2-400000)+MAX(0,B2-800000)
+MAX(0,B2-1200000)+MAX(0,B2-1600000)
+MAX(0,B2-2000000)+MAX(0,B2-2400000))
```

13 லட்சத்துக்கு இது 9 லட்சம், 5 லட்சம், 1 லட்சம் ஆகியவற்றைக் கூட்டி, 15 லட்சத்தில் 5 சதவீதம் எடுக்கிறது. விடை அதே ரூ.75,000.

உங்கள் கையிலுள்ள தாள் சரியா என்று அறிய, B2-இல் முதலில் 16,00,000, பிறகு 16,00,100 இட்டுப் பாருங்கள். சரியான சூத்திரத்தில் வரி ரூ.1,20,000-இலிருந்து ரூ.1,20,020 ஆகும், நூறு ரூபாய்க்கு இருபது ரூபாய். என் பழைய சூத்திரத்தில் அது ரூ.2,40,000-இலிருந்து ரூ.3,20,020-க்குத் தாவியது. எல்லையில் வரி இப்படித் தாவினால் சூத்திரம் தவறு.

ஒன்றை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி இல்லை. அதைச் சற்றே தாண்டினால், 12 லட்சத்துக்கு மேலுள்ள தொகையைவிட வரி கூடக்கூடாது. உதாரணமாக ரூ.12,10,000-க்குச் சூத்திரம் ரூ.61,500 காட்டும், செஸ்ஸுக்கு முன் கட்ட வேண்டியது ரூ.10,000 மட்டுமே. மேலுள்ள சூத்திரத்தில் இந்தச் சலுகைகள் இல்லை. தனியே சேர்க்க வேண்டும்.

திருத்திய தாளைப் பார்த்த பின் அவர் கேட்டார்: "அப்போ இன்க்ரிமென்ட் வந்து அடுத்த ஸ்லாபுக்குப் போனா, கையில வர்ற சம்பளம் குறைஞ்சிடும்னு சொல்றதெல்லாம்?" அதுவும் என் சூத்திரத்தில் இருந்த அதே தவறுதான் என்றேன்.