எக்ஸ்-ரேவுக்குத் தெரியாத விரிசல்

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பொழுது விடியும் முன்பே அண்ணன்கள் சிலர் சாலையோரம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். எழுத்துத் தேர்வில் தேறிய ஆண்கள் உடல்தகுதித் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதுவரை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள், முடிவு வந்ததும் ஒரேயடியாக ஓட ஆரம்பிப்பார்கள்.

அப்படி ஓர் அண்ணனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 21, எடை 60 கிலோ. நேற்று வரை ஓடாதவர், இன்று முதல் தினமும் 6 கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓடுகிறார். முதல் இரண்டு வாரம் தசை வலி மட்டும்தான். நான்காவது வாரம், பாதி தூரம் போனதும் வலது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உட்பக்கமாக ஒரு வலி வருகிறது. நின்றால் போய்விடுகிறது. ஐந்தாவது வாரம் ஓடத் தொடங்கியதுமே வலிக்கிறது. பிறகு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாலே வலிக்கிறது. கீழே விழவில்லை, எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். படத்தில் எலும்பு வழவழப்பாக, கோடு எதுவும் இல்லாமல் இருக்கிறது. ஆனால் மருத்துவர் படத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடவில்லை. ஒற்றை விரலால் எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே வருகிறார். ஓர் இடத்தில் அண்ணன் துள்ளிவிடுகிறார்.

"படத்துல ஒண்ணும் தெரியல தம்பி. ஆனா எலும்புல கீறல் விட்டிருக்கும்னு நெனைக்கிறேன். ஓட்டத்த இன்னையோட நிறுத்து."

"படம் நல்லாத்தான இருக்கு சார்?"

அண்ணனின் கேள்வி நியாயமானது. விடை தெரிய வேண்டுமானால், எலும்புக்குள் நடக்கும் ஒரு வேலையை முதலில் பார்க்க வேண்டும்.

தோண்டுவது வேகம், நிரப்புவது மெதுவு

எலும்பு உயிருள்ள பொருள். அதில் இரண்டு வகைச் செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒரு வகை, பழைய எலும்பைக் கரைத்துக் குழி தோண்டும். அதன் பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட். இன்னொரு வகை, அந்தக் குழியில் புது எலும்பை வைத்துக் கட்டும். அதன் பெயர் ஆஸ்டியோபிளாஸ்ட். நம் அண்ணன் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் காலில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை இறங்குகிறது. 60 கிலோ அண்ணனுக்கு அது 120 முதல் 180 கிலோ எடைக்குச் சமம். 6 கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் ஏறத்தாழ மூவாயிரம் அடி. இத்தனை அடியில் எலும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் விழுவது இயல்பு. அவற்றைச் சரிசெய்யத்தான் அந்தச் செல்கள் இருக்கின்றன.

சிக்கல் நேரக்கணக்கில் இருக்கிறது. ஓர் இடத்தைத் தோண்டி முடிக்க இரண்டு மூன்று வாரம் போதும். அதே இடத்தைப் புது எலும்பால் நிரப்பி உறுதியாக்க மூன்று மாதம்கூட ஆகும். நெடுஞ்சாலையில் பழுதான இடங்களைத் தோண்டிப் போட்டுவிட்டு, தார் வந்து சேரும் முன்பே லாரிகளை விட்டால் என்ன ஆகும்? பழுது பார்க்கத் தோண்டிய குழியே சாலையைப் பலவீனமாக்கிவிடும். திடீரென்று ஓடத் தொடங்கியவரின் காலிலும் இதுதான் நடக்கிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பில் குழிகள் நிறைய இருக்கின்றன, நிரப்பும் வேலை பின்தங்கிவிட்டது, ஓட்டமோ நிற்கவில்லை. நுண்கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு விரிசலாகின்றன. இதைத்தான் அழுத்த முறிவு, அதாவது ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்கிறார்கள்.

இதை முதலில் கவனித்து எழுதியவர் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர். 1855-ல் அவர் எழுதினார்: நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த படைவீரர்களுக்கு, அடிபடாமலேயே பாதம் வீங்கி வலிக்கிறது. எலும்பில்தான் விரிசல் விட்டிருக்கிறது என்பதை அறிய அவருக்கு வழியில்லை. 1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1897-ல்தான் அப்படிப்பட்ட வீரர்களின் பாத எலும்பில் முறிவு இருப்பது படத்தில் தெரிந்தது. பயிற்சி போதாதவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இது என்று நினைக்காதீர்கள். மாரத்தானில் உலக சாதனை வைத்திருந்த பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபுக்கு, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குச் சில மாதம் முன்பு தொடை எலும்பில் இதே முறிவு வந்தது.

நிழலில் ஏன் விழவில்லை?

எக்ஸ்-ரே படம் ஒரு நிழல். எலும்பில் உள்ள கால்சியம் கதிர்களைத் தடுக்கிறது. தடுத்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. கதிர் ஊடுருவிப்போன இடம் கறுப்பாகிறது. கிரிக்கெட் பந்து பட்டு எலும்பு உடைந்தால் இரண்டு துண்டும் விலகி நிற்கும். இடைவெளி வழியாகக் கதிர் போய்விடுவதால் கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும்.

அழுத்த முறிவில் எதுவும் விலகவில்லை. விரிசல் முடியைவிட மெலிதாக இருக்கலாம். டிபியா என்ற அந்தக் கால் எலும்பு குழாய் போன்றது. அதன் ஒரு பக்கச் சுவரில் மட்டும் விரிசல் இருந்தால், எதிர்ப்பக்கச் சுவரின் நிழல் அதை மூடிவிடும். கதிர் விரிசலுக்கு நேர்கோட்டில் நுழைந்தால்தான் கோடு விழும். குழி தோண்டிய இடத்தில் கால்சியம் குறைந்திருப்பது தெரியாதா என்று கேட்பீர்கள். ஓரிடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்சியமாவது போனால்தான் நிழலின் வேறுபாடு நம் கண்ணுக்குப் புலப்படும். விரிசல் விட்ட முதல் நாட்களில் அவ்வளவு போயிருக்காது. அதனால்தான் இந்த முறிவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதல் எக்ஸ்-ரே சாதாரணமாகவே இருக்கிறது.

சரி, பிறகு எப்போது தெரியும்? இரண்டு மூன்று வாரம் கழித்து, சிலருக்கு அதற்கும் பிறகு. அப்போதும் படத்தில் முதலில் தெரிவது பெரும்பாலும் விரிசல் அல்ல. எலும்பைச் சுற்றியுள்ள உறை, அந்த இடத்தில் புது எலும்பைப் பூசத் தொடங்கியிருக்கும். அந்தப் பூச்சில் கால்சியம் ஏறியதும் எலும்பின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பட்டையாகத் தெரியும். அதாவது எக்ஸ்-ரே காட்டுவது புண்ணை அல்ல, புண் ஆறுவதை. ஆறத் தொடங்கும் வரை அதற்குக் காட்ட எதுவும் இல்லை. சிலருக்குக் கடைசி வரை எந்த எக்ஸ்-ரேவிலும் தெரியாமலே குணமாகிவிடுவதும் உண்டு.

எம்.ஆர்.ஐ. தேடுவது தண்ணீரை

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ் கதிர் கிடையாது. அதில் இருப்பது ஒரு பெரிய காந்தம். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. அதற்குள் படுத்தால், உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தத்தின் திசைக்கு இசைந்து நிற்கின்றன. கருவி ரேடியோ அலையை அனுப்பி அவற்றைச் சற்றுத் திருப்புகிறது. பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை மெல்லிய ரேடியோ சமிக்ஞையை வெளியிடுகின்றன. தண்ணீரின் சமிக்ஞையும் கொழுப்பின் சமிக்ஞையும் வேறு வேறு. எனவே கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அடக்கிவிட்டுப் படம் எடுக்க முடியும்.

இதில்தான் காரியம் இருக்கிறது. பெரியவர்களின் கால் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்பை அடக்கிய படத்தில் நல்ல எலும்பு கறுப்பாக இருக்கும். எலும்பு நொந்த இடத்திலோ ரத்த ஓட்டம் கூடி, நீர் கோத்திருக்கும். காலில் சுளுக்கினால் தோலுக்கடியில் வீங்குகிறதல்லவா, அதே வீக்கம் எலும்புக்குள்ளும் வரும். கறுப்புப் பின்னணியில் அந்த நீர் வெள்ளையாக ஒளிரும். கால்சியம் குறையும் வரையோ, புது எலும்பு பூசும் வரையோ காத்திருக்க வேண்டியதில்லை. வலி வந்த முதல் சில நாட்களிலேயே அது தெரிந்துவிடுகிறது.

எவ்வளவு பாதிப்பு என்பதையும் படிப்படியாகப் படிக்கலாம். முதலில் எலும்பின் உறையில் மட்டும் நீர் கோக்கும். அடுத்து மஜ்ஜையிலும் தெரியும். கடைசிப் படியில், வெள்ளை வீக்கத்தின் நடுவே விரிசலே ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். முதல் படியில் உள்ளவர் சில வாரத்தில் ஓட்டத்துக்குத் திரும்பலாம். கோடு தெரிந்தவருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம்.

எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டுமா?

வேண்டாம். நம் அண்ணனுக்கு வலி டிபியாவின் உட்பக்கம். அங்கே வரும் விரிசல், ஓட்டத்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானே கூடிவிடும். விரலால் தொட்ட ஒரே இடத்தில் வலி, திடீரென்று கூட்டிய ஓட்டம், வாரத்துக்கு வாரம் முன்கூட்டியே வரும் வலி ஆகிய மூன்றும் சேர்ந்தாலே மருத்துவர் முடிவெடுக்கலாம். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி, மூன்று வாரம் கழித்து மறுபடி எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கலாம். எலும்பு நெடுகிலும் பரவலாக வலித்தால், அது உறையின் எரிச்சலாக இருக்கலாம். அதன் கதை வேறு.

காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஓடும்போது தொடை இடுக்கில் வலித்தால், தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருக்கக்கூடும். அது முழுசாக உடைந்து விலகினால், தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தமே தடைபடலாம். டிபியாவின் முன்விளிம்பும், பாதத்தின் மேல்நடுவில் உள்ள நாவிகுலர் எலும்பும் ஆறுவதற்கு மிகவும் அடம்பிடிப்பவை. இந்த இடங்களில் வலி என்றால் எக்ஸ்-ரே சுத்தமாக இருந்தாலும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய் எம்.ஆர்.ஐ. தேவையா என்று உடனே கேட்க வேண்டும். அதுவரை அந்தக் காலை ஊன்றக் கூடாது.

எம்.ஆர்.ஐ.க்கும் ஓர் எல்லை உண்டு. தினமும் நிறைய ஓடுகிறவர்களின் எலும்பில், வலியே இல்லாதபோதும் இலேசான வெள்ளை தெரிவதுண்டு. சரியாக நடந்துவரும் பழுது பார்க்கும் வேலையாகவும் அது இருக்கலாம். எனவே வெள்ளை தெரிந்த இடமும் விரல் வைத்தால் வலிக்கும் இடமும் ஒன்றா என்று ஒப்பிட்டுத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.

நம் அண்ணன் ஓட்டத்தை நிறுத்துகிறார். நடந்தால் வலிக்காத நிலை வந்ததும் நடக்கிறார், சைக்கிள் மிதிக்கிறார். பசித்து ஓடாமல், பால், கேழ்வரகு, மீன், முட்டை என்று வயிறார உண்கிறார். ஏறத்தாழ எட்டு வாரம் கழித்து, விரலால் அழுத்தினாலும் ஒற்றைக் காலில் குதித்தாலும் வலிக்காதபோது, சில நிமிட மெல்லோட்டத்தில் தொடங்குகிறார். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு. தூரத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுகிறார்.

உங்கள் வீட்டில் ஓடுகிற அண்ணனுக்கோ அக்காவுக்கோ இப்படி வலி வந்து, எக்ஸ்-ரேவில் ஒன்றுமில்லை என்று சொன்னால், அது எத்தனையாவது நாள் எடுத்த படம் என்று கேளுங்கள். வலி தொடங்கி மூன்று வாரம் ஆகவில்லையென்றால், அந்தப் படத்தை நம்பி ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள்.