பிவட் எடுக்கும்போது எங்கே சாய்ஸ், எங்கே கட்டாயம்?

ஓ.ஆர். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி கிளாஸ் குரூப்ல வர்ற போட்டோ எல்லாருக்கும் தெரியும். நாலஞ்சு சிம்ப்ளெக்ஸ் டேபிள், ஒவ்வொண்ணுலயும் ஒரு எண்ணைச் சுத்தி வட்டம். அந்த எண்ணை ஏன் எடுத்தாங்கன்னு மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது. அந்த வட்டம் எப்படி வருதுன்னு ஒரு கணக்கை வெச்சுப் பார்ப்போம்.

```
Max Z = 4x1 + 3x2
2x1 + x2 <= 10
 x1 + x2 <= 8
-x1 + x2 <= 5
x1, x2 >= 0
```

ஒவ்வொரு கண்டிஷனுக்கும் ஒரு ஸ்லாக் சேர்த்தா முதல் டேபிள் இது:

```
      x1   x2   s1   s2   s3 |  b
s1     2    1    1    0    0 | 10
s2     1    1    0    1    0 |  8
s3    -1    1    0    0    1 |  5
Z     -4   -3    0    0    0 |  0
```

மேலிருந்து கீழே போறது நிரல், குறுக்கே போறது நிரை. முதல்ல நிரல். Z நிரையில -4 இருக்குன்னா, x1-ஐ ஒண்ணு கூட்டினா Z நாலு கூடும்னு அர்த்தம். -3 இருக்கிற x2-ஐக் கூட்டினா மூணுதான் கூடும். அதனால அதிக மைனஸ் இருக்கிற x1-ஐ எடுக்கிறோம். இந்த முறையை 1947-ல் உருவாக்கிய ஜார்ஜ் டான்ட்சிக் பெயரால் இதை டான்ட்சிக் விதின்னு சொல்வாங்க.

அடுத்து நிரை. x1-ஐ எவ்வளவு தூரம் கூட்டலாம்? முதல் நிரையில 10/2 = 5. ரெண்டாவதுல 8/1 = 8. மூணாவதுல 5/(-1) = -5 வருது. "சின்ன எண் -5 தானே, அதையே எடுப்போம்"னு நிறைய பேர் இங்கதான் சறுக்குறாங்க. அந்த நிரை சொல்றது s3 = 5 + x1. x1 கூடக் கூட s3-யும் கூடும், அது நம்மளைத் தடுக்கவே இல்லை. அதனால பிவட் நிரல்ல பூஜ்யமோ மைனஸோ இருந்தா அந்த நிரைக்கு ரேஷியோ போடவே கூடாது. எல்லா நிரையுமே அப்படி இருந்தா தடுக்க ஆளே இல்லை, கணக்கு அன்பவுண்டட்.

மிச்சம் இருக்கிறது 5, 8. சின்னது 5, அதனால s1 வெளியே போகுது, வட்டம் 2 மேல விழுது. 8-ஐ எடுத்தா என்ன ஆகும்? x1 = 8 ஆனா s1 = 10 - 16 = -6. இருக்கிறதை விட ஆறு அதிகமா செலவு பண்ணிட்டோம். b நிரல்ல திடீர்னு மைனஸ் வந்தா, அதுக்கு முந்தின டேபிள்ல நிரையைத் தப்பா எடுத்திருக்கீங்க.

சரியா பிவட் பண்ணினா:

```
      x1   x2    s1   s2   s3 |  b
x1     1   1/2   1/2   0    0 |  5
s2     0   1/2  -1/2   1    0 |  3
s3     0   3/2   1/2   0    1 | 10
Z      0   -1     2    0    0 | 20
```

Z நிரையில இன்னும் ஒரு -1 இருக்கு, அதனால x2 உள்ளே வருது. ரேஷியோ 10, 6, 6.67. சின்னது 6, s2 வெளியே. அடுத்த டேபிள்ல Z நிரை 0, 0, 1, 2, 0. மைனஸ் இல்லை, முடிஞ்சது. x1 = 2, x2 = 6, Z = 26.

இப்போ முதல் டேபிளுக்கே திரும்பிப் போய், -4-ஐ விட்டுட்டு -3 இருக்கிற x2-ஐ எடுத்துப் பாருங்க. ரேஷியோ 10, 8, 5, அதனால s3 வெளியே போகும். Z முதல்ல 15, அப்புறம் 25.5, அப்புறம் அதே 26. ஒரு பிவட் கூட ஆச்சு, அவ்வளவுதான், விடை மாறலை. நிரல்ல மைனஸ் இருக்கிற எதையும் எடுக்கலாம், அதிக மைனஸ்ங்கிறது ஒரு வழக்கம். நிரையில அந்தச் சுதந்திரம் கிடையாது. சின்ன ரேஷியோதான், வேற வழியே இல்லை. ரெண்டு நிரைக்கு ஒரே ரேஷியோ வந்தா மட்டும் எதை வேணும்னாலும் எடுக்கலாம். அப்போ அடுத்த டேபிள்ல b நிரல்ல ஒரு பூஜ்யம் வரும். அதுக்குப் பேர் டிஜெனரசி, பயப்பட வேண்டாம்.

போட்டோவைப் பார்த்துப் படிக்கிறவங்க ரெண்டு விஷயம் பார்த்துக்கணும். ஒண்ணு, கடைசி நிரை Zj - Cj-யா, Cj - Zj-யா? சில புத்தகங்கள் ரெண்டாவதை எழுதும். அங்கே முதல் டேபிள்லயே +4, +3 இருக்கும், அதிக பிளஸ்ஸைத்தான் எடுக்கணும். முதல் டேபிளோட குறியைப் பார்த்தாலே எதுன்னு தெரிஞ்சிடும். ரெண்டு, மங்கலான போட்டோவுல மைனஸ் கோடு காணாமப் போகும். சந்தேகம் வந்தா அந்த டேபிளோட x1, x2 மதிப்பை 4x1 + 3x2-ல போட்டுப் பாருங்க. மேலே ரெண்டாவது டேபிள்ல x1 = 5, x2 = 0, அதனால 20. மூலையில இருக்கிற எண்ணும் 20. ஒத்துப்போகலைன்னா, அடுத்த டேபிளுக்குப் போகாம அங்கேயே நின்னு தப்பைத் தேடுங்க.