வட்டத்தைச் சுற்றி ஓடும் எழுத்தை எங்கிருந்து படிப்பது?

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட ஒரு படம் புள்ளியியல் வரலாற்றில் புகழ்பெற்றது. கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை மாதவாரியாகக் காட்டும் படம் அது. ஒரே தாளில் இரண்டு வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கீற்றுகளாகப் பிரிந்திருக்கிறது. மாதப் பெயர்கள் கீற்றுகளின் வளைவைப் பின்பற்றி, ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில் சாய்ந்திருக்கின்றன. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு, இடப்பக்க வட்டத்தின் அடியில் சிறிய சாய்வெழுத்தில் ஒரு நீண்ட குறிப்பு. கீற்றுகளுக்கு நீலம், சிவப்பு, கறுப்பு என்று மூன்று வண்ணங்கள்.

இந்தத் தாளைச் செல்பேசியில் படம்பிடித்து, அதிலுள்ள எழுத்துகளைத் தமிழாக்கித் தரச் சொன்னால், கை பழக்கத்தில் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் போகும். அப்படிப் போனால் இந்தப் படம் தான் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதைச் சொல்லிவிடும்.

காரணம், வட்டங்களின் வரிசை. வலப்பக்கம் இருப்பதுதான் முதல் படம். 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரையிலான கணக்கு அதில் இருக்கிறது. இடப்பக்கம் இருப்பது இரண்டாம் படம், 1855 ஏப்ரல் முதல் 1856 மார்ச் வரை. முதல் ஆண்டில் நோயால் இறந்தவர்களைக் காட்டும் நீலக் கீற்றுகள் மிகப் பெரியவை. 1855 ஜனவரியில் மட்டும் தொற்றுநோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர், காயங்களால் இறந்தவர்கள் 83 பேர். அந்த மார்ச்சில் சுகாதார ஆணையக் குழு ஸ்குட்டாரி மருத்துவமனைக்கு வந்து சாக்கடையையும் தண்ணீரையும் காற்றோட்டத்தையும் சீர்செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டின் கீற்றுகள் சுருங்கிப்போயின. நைட்டிங்கேல் அரசுக்குச் சொல்ல விரும்பியது இந்தச் சுருக்கத்தைத்தான். இடப்பக்க வட்டத்தை முதலில் வைத்து மொழிபெயர்த்தால், சின்னதாக இருந்த சாவு பெரிதாக வளர்ந்தது என்று வாசகர் புரிந்துகொள்வார். ஒரு சொல்கூடப் பிழையில்லாமல் இருந்தும் மொத்தமும் பிழையாகிவிடும்.

வட்டங்களுக்கு மேலே 1, 2 என்ற எண்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரு புள்ளிக்கோடும் இணைக்கிறது. எண்கள், இணைப்புக் கோடுகள், அம்புக்குறிகள் ஆகியவற்றைப் படத்தை வரைந்தவரே விட்டுச்சென்ற வரிசை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இடமும் வலமும் அதற்குப் பிறகுதான். எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும், எழுத்தைப் படிக்கும் முன்பு இவற்றைத் தேடிக் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்து மாதப் பெயர்கள். முதல் வட்டம் கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்கும் இடத்தில் ஏப்ரலைத் தொடங்கி, கடிகார முள்ளின் திசையில் சுற்றி, மார்ச்சில் மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறது. இதை மேலிருந்து கீழாக எழுதினால் ஏறக்குறைய ஜூன், ஜூலை, மே, ஆகஸ்ட், ஏப்ரல், செப்டம்பர், மார்ச், அக்டோபர் என்று போகும். எழுத்துணரி மென்பொருள் தருவதும் பெரும்பாலும் இப்படிக் கலைந்த பட்டியல்தான். மாதங்கள் என்பதால் இங்கே குழப்பம் உடனே கண்ணில் படுகிறது. ஒரு தொழிற்சாலைச் செயல்முறையின் பன்னிரண்டு படிகள் வட்டமாக அச்சாகியிருந்தால் பிழை யார் கண்ணிலும் படாது.

கோணத்தைக் கொண்டு வரிசைப்படுத்துவதுதான் இதற்கு வழி. படத்தைத் திறந்து, வட்டத்தின் மையம் எந்தப் புள்ளியில் இருக்கிறது, ஒவ்வொரு பெயரின் நடுப்பகுதி எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று இரண்டிரண்டு எண்களாகக் குறித்துக்கொள்ளலாம். பெரும்பாலான படத்திருத்தி மென்பொருள்களில் சுட்டியை வைத்தால் அந்த எண்கள் தெரியும். விரிதாளில் மையத்தை B1, C1 கட்டங்களிலும் பெயர்களின் புள்ளிகளை அடுத்த வரிசைகளிலும் இட்டு, இந்த வாய்பாட்டைப் போடலாம்:

```
=MOD(DEGREES(ATAN2(B2-$B$1, C2-$C$1))-180, 360)
```

படத்தில் கீழே போகப் போக இரண்டாம் எண் கூடும் என்பதால், கோணமும் கடிகாரத் திசையிலேயே கூடுகிறது. 180-ஐக் கழிப்பது ஒன்பது மணி இடத்தைத் தொடக்கமாக்க. ஏப்ரலுக்கு 15 பாகைக்கு அருகில் வரும், மே மாதத்துக்கு 45, ஜூனுக்கு 75, இப்படியே மார்ச்சுக்கு 345. இந்த நெடுவரிசையின்படி அடுக்கினால் மாதங்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும். இரண்டாம் வட்டத்துக்கு மையம் வேறு. பழைய மையத்தையே வைத்துக் கணக்கிட்டால் வரும் எண்களுக்குப் பொருளே இல்லை.

இந்த எண்கள் படத்தின் தரத்தையும் காட்டிக்கொடுக்கும். கீற்றுகள் எல்லாம் சமமாக முப்பது பாகை. அடுத்தடுத்த பெயர்களுக்கு இடையே ஓரிடத்தில் 20, வேறோரிடத்தில் 40 என்று வந்தால், செல்பேசியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள், அல்லது மையத்தைத் தவறாகக் குறித்திருக்கிறார்கள். சாய்த்து எடுத்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகிவிடும். தாளின் நான்கு மூலைகளையும் குறித்து நேராக்கும் வசதி பெரும்பாலான ஸ்கேனர் செயலிகளில் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். நேராக்காமல் தொடர்வது இந்தப் படத்தில் பெரிய தவறு, ஏனென்றால் இங்கே பரப்பளவுதான் சாவின் அளவு.

கோணம் இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. ஆண்டு எண் எல்லா மாதங்களிலும் எழுதப்படவில்லை. வட்டத்தின் தொடக்கத்திலும் புதிய ஆண்டு பிறக்கும் இடத்திலுமாக ஒரு சில மாதங்களோடு மட்டும் ஆண்டு இருக்கிறது. ஜூலை என்ற சொல் தாளில் இரண்டு முறை வருகிறது. தனியே வெட்டி எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். வரிசையில் வைத்தால் ஒன்று 1854 ஏப்ரலுக்குப் பின்னும் 1855 ஜனவரிக்கு முன்னும் விழுகிறது, மற்றது 1855 ஏப்ரலுக்குப் பின் வருகிறது. பணித்தாளில் எல்லா மாதத்துக்கும் ஆண்டைச் சேர்த்தே எழுதி, அச்சில் இல்லாத ஆண்டை அடைப்புக்குறிக்குள் இட்டுவிட வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அச்சுக்குப் போகும்போது நீங்க வேண்டும்.

முதல் வட்டத்தில் பல்கேரியா, கிரிமியா என்ற இரண்டு இடப்பெயர்களும் இருக்கின்றன. இவை மாதங்களைப் போலவே வளைந்து ஓடுவதால் பதின்மூன்றாம், பதினான்காம் கீற்றுகளாகப் பட்டியலில் நுழைந்துவிடும். இவை மாதங்களுக்குரிய துணைச்செய்திகள். 1854 கோடையில் படை பல்கேரியாவில் முகாமிட்டிருந்தது, செப்டம்பரில் கிரிமியாவில் இறங்கியது. ஆகவே பல்கேரியா முன்னும் கிரிமியா பின்னும் வந்தால் நம் வரிசை சரி. தனி வரிசை எண் தராமல், எந்த மாதத்தை ஒட்டி நிற்கின்றனவோ அந்த மாதத்தின் எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்துக் குறிக்கலாம்.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய எழுத்து முதலில், சிறியது கடைசியில் என்ற எண்ணம் செய்தித்தாள் பக்கத்துக்குப் பொருந்தும். இங்கே மிகச் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்புதான் மற்ற எல்லாவற்றையும் ஆள்கிறது. எந்த வண்ணம் எந்தச் சாவைக் குறிக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. மூன்று வண்ணங்களும் தனித்தனியே மையத்திலிருந்தே அளக்கப்படுகின்றன, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை அல்ல என்பதும் அதில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டு வரிசைகள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாசகர் படிக்கும் வரிசையில் தலைப்பு, முதல் வட்டம், இரண்டாம் வட்டம், குறிப்பு என்று போகலாம். மொழிபெயர்க்கும் வரிசையில் குறிப்பு முதலில் வர வேண்டும். கீற்று, பரப்பு, காயம் போன்ற சொற்களை அங்கே முடிவு செய்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். பணித்தாளில் இவற்றுக்கு இரண்டு நெடுவரிசைகள் போதும்.

வண்ணத்தைப் படத்தில் பார்த்து எழுதக் கூடாது. மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் பழைய நீலம் சாம்பலாகும், மங்கிய கறுப்பும் சாம்பலாகும். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்போது குறிப்பு சொல்லும் பெயரைத்தான் எழுத வேண்டும். இந்தப் படத்தில் எழுத்துகள் கறுப்பு மையில் இருப்பதால் பிழைக்கிறோம். இன்றைய சுவரொட்டிகளில் எழுத்தே வண்ணத்தில் இருக்கும், ஒரு பட்டையும் அதற்குரிய சொல்லும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் அவற்றுக்கிடையிலான ஒரே தொடர்பாகவும் இருக்கும். அங்கே கறுப்பு-வெள்ளையாக்கிப் படித்தால் அந்தத் தொடர்பு போய்விடும், வெள்ளைத் தாளில் உள்ள மஞ்சள் எழுத்து அப்படியே மறைந்துவிடும். படத்தின் நீல அலைவரிசையை மட்டும் பிரித்துப் பார்த்தால் மஞ்சள் எழுத்து கருமையாக எழுந்து வரும்.

எழுத்துணரியை நம்பலாமா? சாய்வெழுத்துக் குறிப்பை மனிதரே தட்டச்சு செய்வது விரைவு. அச்செழுத்துகளுக்கு டெசராக்ட் உதவும். சிதறிய எழுத்துகளைத் தேடச் சொல்லும் முறையில் இப்படி ஓட்டலாம்:

```
tesseract padam.png out -l eng --psm 11 tsv
```

ஒவ்வொரு சொல்லும் எந்தப் புள்ளியில் இருக்கிறது, எவ்வளவு நம்பிக்கையோடு படித்தது என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் புள்ளி சொல்லைச் சுற்றிய பெட்டியின் இடப்பக்க மேல்மூலை. அதோடு பெட்டியின் அகலத்திலும் உயரத்திலும் பாதியைக் கூட்டினால் சொல்லின் நடுப்புள்ளி கிடைக்கும், மேலே சொன்ன கோணக் கணக்குக்கு அதைப் பயன்படுத்தலாம். ஆனால் இந்த மென்பொருள் தானாகக் கண்டறியும் திருப்பம் கால்வட்டம், அரைவட்டம், முக்கால்வட்டம் மட்டுமே. 45 பாகை சாய்ந்த மே மாதம் அதற்குக் கோடுகளாகத் தெரியும். அந்தப் பெயரை மட்டும் வெட்டி, நேராகத் திருப்பி, தனியாகக் கொடுக்க வேண்டும். எத்தனை பாகை திருப்பினோம் என்பதைப் பணித்தாளில் எழுதி வைத்தால், தமிழ்ச் சொல்லைத் திரும்பப் பொருத்தும்போது அதே அளவு எதிர்த்திசையில் திருப்பலாம்.

பணித்தாள் முடிந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாதங்கள் இருபத்து நான்கு, வட்டத் தலைப்புகள் இரண்டு, பொதுத் தலைப்பு ஒன்று, இடப்பெயர்கள் இரண்டு, குறிப்பு ஒன்று. அதன்பின் குறிப்பு பெயர் சொல்லிக் குறிக்கும் மாதங்களை எடுத்துக்கொள்ளலாம்: 1854 அக்டோபரும் நவம்பரும், 1855 ஏப்ரல், 1856 ஜனவரியும் பிப்ரவரியும். நவம்பரில் சிவப்புக் கீற்றுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு இருக்கும் என்கிறது குறிப்பு. பணித்தாளில் 1854 நவம்பர் என்று எண்ணிட்ட கீற்றில் அந்தக் கோடு இல்லையென்றால், வட்டத்தை ஒரு கீற்று தள்ளித் தொடங்கியிருக்கிறோம் என்று பொருள்.