இரண்டாவது அழைப்பு மட்டும் ஒலிக்க

செல்பேசியை அமைதிப்படுத்த இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, ஒலிப்பானை சைலன்டிலோ வைப்ரேட்டிலோ போடுவது. ஐபோனில் பக்கவாட்டு விசையைத் தள்ளியோ அழுத்தியோ செய்வதும், ஆண்ட்ராய்டில் ஒலியளவைக் குறைத்துச் செய்வதும் இதுதான். மற்றொன்று, Do Not Disturb என்று திரையில் காட்டும் தொந்தரவு தவிர்ப்பு முறை. முதலாவது ஒலியை மொத்தமாக நிறுத்திவிடும்; யார் அழைக்கிறார் என்று அது பார்ப்பதில்லை. இரண்டாவது, வரும் அழைப்பைப் பார்த்து, விதிவிலக்குப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடலாமா கூடாதா என்று முடிவுசெய்யும். அவசர அழைப்பு மட்டும் ஒலிக்க வேண்டும் என்று விரும்புவோர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த வேறுபாட்டில்தான். விதிவிலக்குகளை எல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் போனை சைலன்டிலும் தள்ளிவிடுவார்கள். அழைப்பு தொந்தரவு தவிர்ப்பைத் தாண்டி வந்துவிடும். ஆனால் ஒலிப்பான் வாய் திறக்காது.

ஆகவே, ஒலிப்பானைச் சத்தத்தில் விட்டுவிட்டு, தொந்தரவு தவிர்ப்பை மட்டும் இயக்குவதே முதல் படி. அதன்பின் மறு அழைப்பு விதியை இயக்கலாம். ஐபோனில் Settings, Focus, Do Not Disturb, People என்று உள்ளே போனால் Allow Repeated Calls என்ற தேர்வு இருக்கும். ஆண்ட்ராய்டில் Do Not Disturb பக்கத்தில் அழைப்புகளுக்கான பகுதியில் repeat callers என்ற சொற்களோடு அது கிடைக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பட்டியலின் அடுக்கு மாறுவதால், Settings தேடல் பெட்டியில் repeat என்று தட்டச்சு செய்வதே சுருக்கு வழி.

இரண்டு போன்களும் ஒரே விதியைச் சொன்னாலும் காலக்கணக்கில் பெரிய வித்தியாசம் உண்டு. ஐபோனில் அதே ஆள் 3 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால்தான் ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் அந்த இடைவெளி 15 நிமிடம்.

இரவுப் பணி முடித்துக் காலையில் தூங்கும் ஒரு மகளையும், மதுரையில் தனியாக இருக்கும் அவருடைய தந்தையையும் எடுத்துக்கொள்வோம். 11:02க்குத் தந்தைக்கு நெஞ்சு வலிக்கிறது, மகளை அழைக்கிறார். இந்தியாவில் செல்பேசி அழைப்பு எடுக்கப்படாவிட்டால் 30 விநாடி ஒலித்துவிட்டு நின்றுவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வரையறுத்தது. அந்த 30 விநாடியும் மகளின் போன் அமைதியாகவே இருக்கும். தந்தை மறுகணமே திரும்ப அழைத்தால் 11:03க்கு எந்தப் போனாக இருந்தாலும் ஒலித்துவிடும். ஆனால் பதற்றத்தில் யாரும் அப்படிக் கணக்காகச் செயல்படுவதில்லை. மகள் எடுக்கவில்லை என்றதும் 108ஐ அழைப்பார், வழி சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். அடுத்து மகளின் எண்ணை அழுத்தும்போது மணி 11:10. மகளிடம் ஆண்ட்ராய்டு இருந்தால் அது மறு அழைப்பு, ஒலிக்கும். ஐபோன் இருந்தால் 3 நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. அது புதிய முதல் அழைப்பாகி மறுபடி அமைதியில் அடங்கும். அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வைக்க வேண்டியது ஒன்றே: "நான் எடுக்கலைன்னா, வேற யாருக்கும் போடுறதுக்கு முன்னாடி உடனே இன்னொரு தடவை அடிங்கப்பா." இரண்டு சிம் வைத்திருப்பவர் இரண்டு முறையும் ஒரே எண்ணிலிருந்து அழைப்பது நல்லது. ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளுக்கு எண் மாறினால் ஆளும் மாறியதாகவே பொருள்.

இந்த விதிக்கு ஒரு குறை உண்டு. அது தந்தைக்கும் கடன் வசூல் முகவருக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை. விடாமல் அழைக்கும் எவரும் உள்ளே வரலாம். குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் கதவைத் திறக்க வேறு ஏற்பாடுகள் வேண்டும். ஐபோனில் இதற்கு Emergency Bypass என்ற தேர்வு 2016இல் வந்த ஐஓஎஸ் 10 முதல் இருக்கிறது. அந்தத் தொடர்பைத் திறந்து, Edit தட்டி, Ringtone உள்ளே போனால் மேலேயே தெரியும். அதை இயக்கிவிட்டால் அந்த ஆளின் அழைப்பு தொந்தரவு தவிர்ப்பை மட்டுமல்ல, சைலன்ட் விசையையும் மீறி ஒலிக்கும். குறுஞ்செய்திக்கு Text Tone உள்ளே தனியாக இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்தத் தொடர்புக்கு நட்சத்திரம் போட்டு, தொந்தரவு தவிர்ப்பில் நட்சத்திரத் தொடர்புகளின் அழைப்பை அனுமதிப்பது வழக்கம். இது சைலன்டை மீறாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இவை இரண்டிலும் அந்த ஆளின் முதல் அழைப்பே ஒலித்துவிடும். பேரன் பரீட்சையில் என்ன மதிப்பெண் வாங்கினான் என்று கேட்க அழைத்தாலும் தூக்கம் கலையும். ஒரே ஒருவர், அதுவும் இரண்டாம் முறை அழைத்தால் மட்டும், என்ற இரட்டை நிபந்தனை இரண்டு போன்களின் அமைப்புகளிலும் நேரடியாக இல்லை. ஆண்ட்ராய்டில் MacroDroid போன்ற தானியங்கிச் செயலி கொண்டு அதை உருவாக்கலாம். தந்தையின் எண்ணிலிருந்து தவறிய அழைப்பு பதிவானதும் செயலி விழித்துக்கொள்ள வேண்டும். தொந்தரவு தவிர்ப்பை நீக்கி, ஒலிப்பானின் அளவை உயர்த்த வேண்டும். 10 நிமிடம் காத்திருந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். முதல் அழைப்பு அமைதியாகப் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வரும் அடுத்தது ஒலிக்கும். போன் சைலன்டில் இருந்தாலும் இது வேலை செய்யும் என்பது கூடுதல் லாபம். அந்த நேரத்தில் வேறு யார் அழைத்தாலும் ஒலிக்கும் என்பது அதற்கான விலை. அழைப்புப் பதிவையும் தொந்தரவு தவிர்ப்பையும் அணுகச் செயலிக்கு அனுமதி தர வேண்டும். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்தும் அதை விலக்க வேண்டும். இல்லாவிட்டால் சில போன்கள் பின்னணியில் அதை நிறுத்திவிடும், நிறுத்தியதைச் சொல்லவும் மாட்டா.

பொதுவான மறு அழைப்பு விதியையும் அணைத்துவிட வேண்டியதில்லை. அவசரச் செய்தி எப்போதும் தெரிந்த எண்ணிலிருந்து வருவதில்லை. மருத்துவமனையின் மேசைத் தொலைபேசியிலிருந்தோ பக்கத்து வீட்டுக்காரரின் போனிலிருந்தோ வரலாம். அந்த எண்களுக்கு நட்சத்திரமும் இல்லை, Emergency Bypass-உம் இல்லை. மறு அழைப்பு ஒன்றே வழி. அறியாத எண்களை அடக்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அந்த வழியும் அடைபடக்கூடும். வாட்ஸ்அப் அழைப்புகளை இந்தக் கணக்கில் நம்பாமல், சாதாரண அழைப்பையே பயன்படுத்தச் சொல்வது பாதுகாப்பு.

ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். போனைப் பூட்டி, வழக்கமாகத் தூங்கும்போது எப்படி வைப்பாரோ அப்படியே வைத்து, தந்தையின் போனிலிருந்தே இரண்டு முறை அழைத்துப் பார்க்க வேண்டும். முதல் அழைப்பே ஒலித்தால் தொந்தரவு தவிர்ப்பு இயங்கவில்லை, அல்லது அவர் ஏற்கெனவே அனுமதிப் பட்டியலில் இருக்கிறார். இரண்டாவதும் அமைதியாக, ஆனால் திரை ஒளிர்ந்தோ அதிர்ந்தோ வந்தால் தடை ஒலிப்பானில் இருக்கிறது; சைலன்டையும் ஒலியளவையும் பார்க்க வேண்டும். திரைகூட ஒளிராமல் போனால் விதியே இயக்கப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். போனை மாற்றினாலும் பெரிய மென்பொருள் புதுப்பிப்பு வந்தாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

சார்ஜ் தீர்ந்த போனையும், ஃபிளைட் மோடில் போட்ட போனையும், சிக்னல் கிடைக்காத அறையில் இருக்கும் போனையும் இந்த அமைப்புகள் எதுவும் ஒலிக்க வைக்காது. எனவே தந்தையின் கையில் மகளுடைய எண்ணோடு, மகளின் வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய ஒருவரின் எண்ணும் இருக்கட்டும்.