எந்தச் சாலைக்கு எத்தனை விநாடி பச்சை?

வண்டி அதிகமுள்ள சாலைக்குத்தான் அதிக நேரம் பச்சை தர வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தக் கணக்கு பல சந்திப்புகளில் தவறாகப் போகும்.

இரண்டு சாலைகள் மாறி மாறிப் பச்சை பெறும் ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்வோம். அகலமான பிரதான சாலையில் மணிக்கு 1,500 வண்டிகள், குறுகலான குறுக்குச் சாலையில் 700. இதோடு இன்னொரு எண்ணும் வேண்டும்: பச்சை அணையாமலே எரிந்தால் வரிசையில் நிற்கும் வண்டிகள் மணிக்கு எத்தனை கடக்கும்? இதைச் செறிவோட்டம் என்பார்கள். இதைச் சாலையோரம் நின்றே அளக்கலாம். பச்சை விழுந்து முதல் சில வண்டிகள் நகர்ந்த பிறகு, வரிசை தீரும்வரை நிறுத்தக்கோட்டைத் தாண்டுபவற்றை எண்ண வேண்டும். குறுக்குச் சாலையில் 18 விநாடியில் 10 வண்டி கடந்தால், மணிக்கு 2,000. பிரதான சாலையில் 5,000 என்று வைத்துக்கொள்வோம். (பைக், பஸ் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றித்தான் எண்ணுவார்கள்.)

இப்போது வரத்தைச் செறிவோட்டத்தால் வகுங்கள். பிரதான சாலைக்கு 0.30, குறுக்குச் சாலைக்கு 0.35. வண்டி குறைவான சாலைக்குத்தான் பச்சை அதிகம் தேவை!

சுற்று நேரத்துக்கு பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் 1958இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது:

C = (1.5L + 5) / (1 − Y)

Y என்பது இரு விகிதங்களின் கூட்டல், இங்கே 0.65. L என்பது ஒவ்வொரு சுற்றிலும் வீணாகும் நேரம்: வண்டிகள் கிளம்பும் தாமதமும், பச்சை கைமாறும் இடைவெளியும். அதை 10 விநாடி என்று கொண்டால் C 57 வரும்; 60 என்று வைக்கலாம். மிஞ்சும் 50 விநாடியை 0.30க்கு 0.35 என்ற விகிதத்தில் பிரித்தால் பிரதான சாலைக்கு 23, குறுக்குச் சாலைக்கு 27.

வண்டி எண்ணிக்கைப்படி பிரித்திருந்தால் குறுக்குச் சாலைக்குக் கிடைப்பது 16 விநாடிதான். அதில் மணிக்கு 533 வண்டிதான் போகும், வருவதோ 700. வரிசை நீண்டுகொண்டே போகும். பச்சை அணையும்போதெல்லாம் வரிசையின் வால் கடக்காமல் நின்றால், அதுதான் அடையாளம்.

சுற்றை 120 விநாடியாக்கினால் தீருமா? குறுக்குச் சாலையின் கொள்ளளவு 900இலிருந்து சுமார் 980 ஆகும், அவ்வளவுதான். அங்கே சிவப்பில் காத்திருப்பதோ 33 விநாடியிலிருந்து 61 ஆகிவிடும். எனக்கு இது நஷ்டக் கணக்காகவே படுகிறது.

நிறுத்தக்கோட்டருகே கார்களை நிறுத்திவைத்து குறுக்குச் சாலையின் செறிவோட்டம் 1,400 ஆகக் குறைந்தால், அதன் விகிதம் 0.50, Y 0.80, சுற்று 100 விநாடி. Y 0.90ஐ எட்டினால் 200. அந்த நிலையில் சிக்னல் நேரத்தை மாற்றிப் பயனில்லை. முதலில் அந்தக் கார்களை அகற்றுங்கள்.