கூழும் பிட்டும் அப்பாவுக்கு ஏன் ஆகாது?

"தங்கச்சி, நாளைக்கு அப்பாவுக்குக் கூழ் காய்ச்சாதை."

யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஒன்றில் இரவுக் கடமை பார்க்கும் தாதி ஒருவர், வடமராட்சியில் தந்தையைப் பராமரிக்கும் தங்கைக்கு எழுதிய கடிதம் இப்படித்தான் தொடங்குகிறது. தந்தைக்கு வயது 76. பாரிசவாதம் வந்து வைத்தியசாலையில் இருந்துவிட்டு அண்மையில்தான் வீடு திரும்பினார். அவர் விழுங்குவதைச் சோதித்த பேச்சுச் சிகிச்சையாளர், உணவு எல்லாம் கட்டியில்லாத மசியலாகவும், குடிப்பவை சற்றுத் தடிப்பாகவும் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மெதுவான உணவுதானே என்று நினைத்த தங்கை, அப்பாவுக்குப் பிடித்த ஒடியல் கூழைக் காய்ச்ச ஆயத்தமானார்.

மெதுமையாக இருக்கும் எல்லாமே பாதுகாப்பாக விழுங்கக்கூடியவை அல்ல. அக்காவின் கடிதம் முழுக்க இதைத்தான் விளக்குகிறது.

கூழில் என்ன பிழை?

நாம் விழுங்கும் கணத்தில் மூச்சு நின்று, மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ளும். பாரிசவாதத்துக்குப் பிறகு இந்த மூடல் பிந்தலாம், அல்லது அரைகுறையாக நடக்கலாம். அந்த இடைவெளியில் முதலில் நழுவி ஓடுவது தண்ணீர் போன்ற திரவம்தான். அது நெஞ்சுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம்.

ஒடியல் கூழில் ஓடும் சாறும் இருக்கிறது, மெல்ல வேண்டிய மீன், நண்டு, பலாக்கொட்டை, பயற்றங்காய்த் துண்டுகளும் இருக்கின்றன. துண்டை மெல்லும் நேரத்தில் சாறு தொண்டைக்குள் முந்திக்கொண்டு ஓடிவிடும். சோற்றில் ரசம் விட்டுக் கொடுத்தாலும், இடியப்பத்துக்குமேல் சொதி ஊற்றினாலும் இதே சிக்கல்தான்.

பிட்டின் பிரச்சினை வேறு. அது உதிர்ந்து வாயெங்கும் பரவும். பலவீனமான நாக்கால் அதை ஒரு கவளமாகத் திரட்ட முடியாது. உழுத்தங்களியோ அண்ணத்திலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். "ஓடக்கூடாது, உதிரக்கூடாது, ஒட்டக்கூடாது. இந்த மூண்டையும் பார்த்திட்டுத் தட்டிலை வை" என்று அக்கா எழுதுகிறார்.

முள்ளுக்கரண்டியும் சிரிஞ்சும்

விழுங்கச் சிரமப்படுவோரின் உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை தரம் பிரிக்கும் சர்வதேச முறை ஒன்று உண்டு. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று அதைச் சொல்வார்கள். இந்தத் தந்தைக்குச் சொல்லப்பட்டது உணவில் 4ஆம் படி, பானத்தில் 2ஆம் படி. இரண்டையும் சமையலறையிலேயே சோதிக்கலாம்.

மசியலை முள்ளுக்கரண்டியால் அள்ளினால் அது மேலே குவியலாக நிற்க வேண்டும். இடைவெளிகளால் தொடர்ந்து ஒழுகக்கூடாது. பிறகு சாதாரண கரண்டியில் எடுத்துச் சரித்துப் பார்க்க வேண்டும். மொத்தமாக விழுந்து, கரண்டியில் மிகச் சிறிதளவே மிஞ்சினால் சரி. அப்பிக்கொண்டு நின்றால் அது ஒட்டும் உணவு.

பானத்துக்கு, ஊசி பொருத்தாத 10 மில்லிலீட்டர் சிரிஞ்ச் போதும். 0 முதல் 10 வரையான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் உள்ளதாக அது இருக்க வேண்டும். உள்தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 வரை பானத்தை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட்டு மீண்டும் அடைக்க வேண்டும். உள்ளே 4க்கும் 8க்கும் இடையில் மிஞ்சினால் அது 2ஆம் படி. வெறும் தண்ணீர் என்றால் முழுவதும் ஓடிவிடும்.

கூழுக்குப் பதிலாக

அக்கா சொல்லும் மாற்று, அரிசியும் பயறும் சேர்ந்த மசியல். கால் சுண்டு பச்சையரிசி, ஒரு கைப்பிடி வறுத்துக் கோது நீக்கிய பயறு, மூன்று சுண்டு தண்ணீர். பருக்கை முழுவதும் குழையும்வரை வேகவைத்து, சூடாக இருக்கும்போதே அரைத்து, கண்ணறை சிறிய வடியில் தேய்த்து எடுக்க வேண்டும். இளக்க வேண்டியிருந்தால் தண்ணீர் விடாமல் தேங்காய்ப்பால் விடலாம். தண்ணீர் விட்டால் வயிறு நிரம்பும், சத்துக் குறையும். மசியல் உணவு உண்போர் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புரதத்துக்கு, முள்ளும் தோலும் நீக்கி அவித்த மீனைக் கெட்டியான சொதியோடு அரைத்துத் தனியே வைக்கலாம். கீரைக்கடையலையும் பூசணிக்காயையும் அப்படியே நாரில்லாமல் வடித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைக்காமல் தனித்தனியே வைத்தால் அப்பாவுக்கு எது என்ன ருசி என்று தெரியும்.

அரிசிக் கஞ்சி ஆறும்போது இறுகும். அடுப்பில் சரியாக இருந்தது தட்டில் ஒட்டும் களியாகிவிடலாம். ஆகவே முள்ளுக்கரண்டிச் சோதனையை, உணவைக் கொடுக்கும் சூட்டில் செய்ய வேண்டும்.

கிண்ணத்துக்குள் போகும் எச்சில்

பலர் கவனிக்காத ஒன்றையும் கடிதம் தொடுகிறது. எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதியம் மாப்பொருளை உடைக்கும். வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், தடிப்பாக இருந்த கஞ்சி மெல்ல மெல்ல நீர்த்துவிடும். முதல் வாய் பிரச்சினையின்றி இறங்கி, கடைசி வாயில் இருமல் வருவதற்கு இது காரணமாகலாம். "சின்னக் கிண்ணத்திலை கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தீத்து. மிச்சம் சட்டியிலை இருக்கட்டும்" என்பது அக்கா சொல்லும் வழி. ஜெலியும் ஐஸ்கிரீமும் வாய்ச் சூட்டில் உருகித் தண்ணீராகிவிடுவதால் அவற்றையும் தவிர்க்கச் சொல்கிறார்.

தடிப்பாக்கிய பானத்தை முதியவர்கள் விரும்பிக் குடிப்பதில்லை. உடலில் நீர் குறைந்து சிறுநீர் கடும் மஞ்சளாகலாம். தடிப்பாக்கிய பானம் நிமோனியாவை நிச்சயம் தடுக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. அதனால்தான் பானத்தைத் தடிப்பாக்குவதை வீட்டார் தாமாகத் தொடங்காமல், பேச்சுச் சிகிச்சையாளர் சோதித்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும்.

தீத்தும் விதம்

கதிரையில் நிமிர்ந்து இருத்தி, தேக்கரண்டியில் பாதியளவு எடுத்து, கண்ணுக்கு நேரே இருந்து தீத்த வேண்டும். முந்தியது இறங்கியதைக் கண்ட பிறகே அடுத்த வாய். தொய்ந்த பக்கக் கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் படுக்க விடக்கூடாது. களைத்திருந்தால் சிறிது பிந்திக் கொடுக்கலாம். நித்திரைத் தூக்கத்தில் கொடுக்கவே கூடாது.

இரவில் படுக்குமுன் பல்லையும் நாக்கையும் துலக்கிவிடுவதை அக்கா அழுத்திச் சொல்கிறார். நித்திரையில் எச்சில் சிறிது நெஞ்சுக்குள் இறங்குவது உண்டு. அதில் கிருமி குறைவாக இருந்தால் நிமோனியா வரும் வாய்ப்பும் குறையும். குளிசைகளை எல்லாம் பொடியாக்கிவிடவும் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவற்றைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக உடலில் சேர்ந்துவிடும். எதைப் பொடிக்கலாம் என்று மருந்தாளரிடம் கேட்க வேண்டும்.

எப்போது பயப்பட வேண்டும்?

சாப்பிடும்போது இருமுவது எல்லாருக்கும் தெரியும் அறிகுறி. ஆனால் பாரிசவாதம் வந்த சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. விழுங்கியபின் "ஆ" என்று சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்க வேண்டும். தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தால் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். காய்ச்சல், வேகமான மூச்சு, திடீர்க் குழப்பம் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அடைத்து, பேசவும் இருமவும் முடியாமல் போனால், முன்னால் சாய்த்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து முறை ஓங்கித் தட்டிக்கொண்டே, இன்னொருவரை 1990 அம்புலன்சுக்கு அழைக்கச் சொல்ல வேண்டும்.

பாரிசவாதத்துக்குப் பிறகு பலருக்கு விழுங்கும் திறன் சில வாரங்களில் தேறிவரும். தேறினால் மசியலில் இருந்து 5ஆம் படிக்கு, அதாவது 4 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் கொத்திய ஈரமான உணவுக்குப் போகலாம். ஆகவே அப்பாவின் நிறை, காய்ச்சல், எந்த உணவுக்கு இருமினார் என்பதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக் கொண்டுவரச் சொல்கிறார் அக்கா. அதைப் பார்த்துவிட்டு, அடுத்த படிக்குப் போகலாமா என்று பேச்சுச் சிகிச்சையாளர் மீண்டும் சோதிப்பார்.