முதலாளியைப் பற்றி ஒரு பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்க இருந்த வணிகர் கூட்டத்தில் வாசிப்பதற்காகத் தம்மைப் பற்றி ஒரு குறிப்பு எழுதும்படி எங்கள் முதலாளி கணக்கெழுதும் எங்களிடம் கூறினார். ராஜபாளையத்தில் மொத்த மளிகைக் கடை நடத்துபவர் அவர். "ஒரு பக்கம் போதும்ப்பா" என்றார்.

முதலில் "வணிகச் செம்மல், கொடை வள்ளல்" என்று தொடங்கினோம். கேட்கப் போகிறவர்களோ அவருடன் அன்றாடம் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள். ஒரு வரி பொய்யென்று பட்டாலும் அவருக்குத்தான் தலைகுனிவு. அடித்துவிட்டுத் தகவல் திரட்டினோம்.

கடை தொடங்கியது 1983 என்றார் முதலாளி. ஜி.எஸ்.டி. சான்றிதழில் 1.7.2017 என்று இருந்தது. அது வரி மாறிய நாள், கடை பிறந்த நாள் அல்ல. பழைய விற்பனை வரிச் சான்றிதழ் 1981 என்றது. விற்றுமுதல் குறைவாக இருந்த சிறு கடைகள் பிற்பாடுதான் பதிவு செய்தன என்பதால், அதையும் முடிவாகக் கொள்ளவில்லை. தகரப் பெட்டியில் இருந்த முதல் பேரேடு 1979 ஆடியில் தொடங்கியது. இப்போதைய கட்டடத்திற்கு மாறிய ஆண்டுதான் 1983 என்று அப்போது அவருக்கே நினைவு வந்தது. "விருதுநகர் மாவட்டத்தில் தொடங்கினார்" என்று எழுதியதையும் திருத்தினோம். அந்த மாவட்டம் பிரிந்தது 1985இல். 1979இல் நம் ஊர்கள் இராமநாதபுரம் மாவட்டம்.

பேரேட்டின் முதல் பக்கத்தில் அவர் அண்ணன் பெயரில் முதல் வரவு இருந்தது. பின்னர் இருவரும் பிரிந்தது ஊரறிந்த செய்தி. விட்டுவிடலாமா? அண்ணன் வீட்டாரும் கூட்டத்திற்கு வருவார்கள். கடை ஓய்ந்த நேரத்தில், தனியாக இருக்கையில் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "முதல் போட்டது அண்ணன்தான். அதை எழுதுங்க. பிரிஞ்சது சபைக்கு வேண்டாம்" என்றார். அதுவே சரி. வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் விடலாம். முதல் போட்டவரை மறைத்தால் மீதியையும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து அவருடைய பேச்சு. "நான்" என்று சொல்லாமல் "நாம" என்பவர். சிறு வாக்கியமாகப் பேசுபவர். கல்லாவில் இருந்தபடி வாடிக்கையாளரிடம் அவர் சொன்னதை இரண்டு நாள் சீட்டில் குறித்து, ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டோம். பிறகு முழுவதையும் அவர் முன் உரக்க வாசித்தோம். "அயராத உழைப்பால்" என்ற இடத்தில் சிரித்துவிட்டார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம். முடிவில் நின்றது இது:

"1979 ஆடியில், அண்ணன் போட்ட முதலில், இராஜபாளையத்தில் கடை தொடங்கினார். 1983இல் இப்போதைய கட்டடத்திற்கு வந்தார். 'எடை குறைஞ்சா நம்ம கடை மேலதான் பேரு' என்பது அவர் வழக்கமாகச் சொல்வது."

கூட்டத்தில் இதை வாசித்தபோது அண்ணன் மகன் எழுந்து வந்து முதலாளியின் கையைப் பற்றிக்கொண்டார். அந்தத் தாளைப் பேரேட்டிலேயே வைத்திருக்கிறோம்.